யானைக்கால் புழுவைத் தேட ஏன் ராத்திரியில் ரத்தம் எடுக்கிறார்கள்?

“அண்ணே, போன வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல சுகாதார இலாகா ஆளுங்க எங்க லயத்துக்கு வந்து எல்லாருக்கும் விரல்ல குத்தி ரத்தம் எடுத்தாங்க. யானைக்கால் கிருமி பாக்கவாம். பகல்ல கிளினிக்குக்கு வரச் சொன்னா ஆகாதா? ராத்திரிக் காவலுக்கு இருக்கிற தோட்டத்து ஜாகாவுக்கும் அதே நேரத்துலதான் எடுத்தாங்க, ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க. பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குக் கால் அவ்வளவு வீங்கியிருக்கு, அவருக்கும் ஒண்ணும் இல்லையாம். அது எப்படி?”

தம்பி, பகலில் எடுத்தால் பெரும்பாலும் புழு அகப்படாது. உடம்பை விட்டு அது எங்கேயும் போய்விடுவதில்லை. விரல் நுனியில் இருக்காது, அவ்வளவுதான். நான் ஆஸ்பத்திரி லேப்பில் மைக்ரோஸ்கோப் பார்த்தே வேலைக்காலத்தைக் கழித்தவன். நீங்கள் கேட்ட மூன்றுக்கும் விடை இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்த நோயில் புழு இரண்டு வடிவத்தில் இருக்கிறது. தாய்ப் புழுவும் ஆண் புழுவும் நூல் மாதிரி நீண்டு நிணநீர்க் குழாய்களுக்குள் குடியிருக்கும். பல வருஷம் உயிரோடு இருக்கும். அவற்றை ரத்தப் பரிசோதனையில் பார்க்க முடியாது. தாய்ப் புழு போடும் குட்டிகள்தான் ரத்தத்துக்கு வந்து சேரும். மைக்ரோஃபைலேரியா என்பது இவற்றைத்தான். நீளம் ஒரு மில்லிமீட்டரில் கால்வாசி, அல்லது அதற்கும் சற்றுக் குறைவு. பருமன் ஒரு சிவப்பணு அளவுதான். ஸ்லைடில் நாங்கள் தேடுவது இந்தக் குட்டிகளை.

இந்தக் குட்டிகளுக்கு நேரக் கணக்கு உண்டு. பகல் முழுக்க நுரையீரலின் சிறிய ரத்தக் குழாய்களில் தங்கிவிடும். இருட்டி, மனிதன் உறங்கும் நேரம் நெருங்கும்போது அங்கிருந்து விடுபட்டு உடம்பு முழுக்கச் சுற்ற ஆரம்பிக்கும். இந்தியா, நேபாளம், மியன்மார் பக்கம் காணப்படும் வூச்செரேரியா பாங்க்ராஃப்டி என்ற வகைக்கு ராத்திரி பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை உச்ச நேரம். விடிந்ததும் எண்ணிக்கை மளமளவென்று சரிந்துவிடும்.

பேட்ரிக் மேன்சன் என்ற டாக்டர் சீனாவின் அமோய் துறைமுகத்தில் வேலை பார்த்தபோது இதைக் கண்டுபிடித்தார். கொசுவின் உடம்பில் இந்தப் புழு வளர்கிறது என்று 1877-இல் கண்டவரும் அவரே. பிறகு உதவியாளர்களை வைத்து இரவு பகலாக மணிக்கணக்கு வைத்து நோயாளிகளின் ரத்தத்தை எண்ண வைத்தார். பகலில் வெறுமையாகவும் ராத்திரியில் நிறையவும் இருந்தது. அவை பகலில் எங்கே போகின்றன என்பது வெகு நாள் புரியாமலே இருந்தது. பின்னால், காலை நேரத்தில் இறந்த ஒரு நோயாளியின் உடம்பைப் பரிசோதித்தபோது நுரையீரலில் குட்டிகள் குவிந்து கிடந்ததை அவர் பார்த்தார்.

ஏன் நுரையீரல்? ஃபிராங்க் ஹாக்கிங் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1950களிலும் 60களிலும் இதை விடாமல் ஆராய்ந்தார். நுரையீரலுக்குள் வரும் ரத்தத்துக்கும் அதை விட்டு வெளியேறும் ரத்தத்துக்கும் ஆக்சிஜன் அளவில் வித்தியாசம் இருக்கும். நாம் விழித்து வேலை செய்யும்போது அந்த வித்தியாசம் அதிகம், உறங்கும்போது குறைவு. வித்தியாசம் பெரிதாக இருக்கும் நேரத்தில் குட்டிகள் நுரையீரலிலேயே தங்குகின்றன, சிறிதாகும்போது வெளியேறுகின்றன என்பது அவர் முடிவு. ராத்திரியில் நோயாளிக்கு மூக்கு வழியாக ஆக்சிஜன் கொடுத்துப் பார்த்தபோது விரல் ரத்தத்தில் எண்ணிக்கை இறங்கியது. ஆக, குட்டிகளுக்குச் சூரியனோ இருட்டோ தெரியாது. நம் உறக்கமும் விழிப்பும்தான் அவற்றுக்கு நேரம் காட்டுகின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஜாகா விஷயத்தில் இதுதான் விடை.

இதனால் புழுவுக்கு என்ன லாபம் என்றால், கொசு. நகரத்துச் சாக்கடைகளில் வளரும் கியூலெக்ஸ் கொசு ராத்திரியில் கடிக்கும். அது கடிக்கும் நேரத்தில் தோலுக்கு அடியில் குட்டி இருந்தால்தான் அடுத்த ஆளுக்குப் போக வழி. பசிபிக் தீவுகளில் சமோவா போன்ற இடங்களில் இதே வூச்செரேரியாவைப் பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு பரப்புகிறது. அங்கே குட்டிகள் பகலிலும் ரத்தத்தில் சுற்றுகின்றன. கொசு எப்போது வருகிறதோ அதற்கு ஏற்றாற்போல் புழு மாறியிருக்கிறது.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு ராத்திரி பத்து மணிக்கு ஒரு மில்லி ரத்தத்தில் 300 குட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விரலில் குத்தி எடுப்பது 60 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு மில்லியில் நூற்றுக்கு ஆறு பங்கு. ஸ்லைடில் சராசரியாக 18 குட்டி இருக்கும், யாரும் தவறவிட மாட்டார்கள். அதே ஆளுக்குக் காலை பத்து மணிக்கு மில்லிக்கு 5 குட்டிதான் மிஞ்சியிருக்கிறது என்றால், ஸ்லைடுக்குச் சராசரி 0.3 தான் வரும். அப்படிப்பட்ட ரத்தத்தில் நான்கு தடவை எடுத்தால் மூன்று தடவை ஸ்லைடு வெறுமையாக இருக்கும். லேப்பில் உள்ளவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஸ்லைடில் இல்லாததைப் பார்க்க முடியாது. நோய் இல்லாதவர் என்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

ராத்திரியில் எடுத்தாலும் எல்லோரும் அகப்பட மாட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். உச்ச நேரத்திலேயே மில்லிக்கு 20 தான் என்றால் ஸ்லைடுக்கு சராசரி ஒன்றுக்குச் சற்று மேல். பத்துப் பேரில் மூன்று பேருக்கு வெறுமையாக வரும். ஆனால் அந்த ஆளின் ஐந்து லிட்டர் ரத்தத்தில் ஒரு லட்சம் குட்டி ஓடிக்கொண்டிருக்கும்! ஒரு தடவை ‘இல்லை’ என்று வந்தாலும், சந்தேகம் இருந்தால் இன்னொரு ராத்திரி எடுக்கச் சொல்வது இதனால்தான்.

அன்று ராத்திரி நீங்கள் பார்த்திருப்பீர்கள். விரலைத் துடைத்து, குத்தி, மெல்லிய கண்ணாடிக் குழாயில் இருபது இருபது மைக்ரோலிட்டராக உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் மூன்று கோடாகப் பூசுவார்கள். மலேரியாவுக்குப் பூசுவதைவிட இது நிறைய ரத்தம். அதைத் தட்டையாக வைத்துக் காயவிட வேண்டும். தோட்டத்தில் எங்களுக்கு இதில் பெரிய தொல்லை எறும்பும் கரப்பானும். மூடாமல் விட்டால் விடிவதற்குள் ரத்தத்தை நக்கித் தின்றுவிடும், பாதிக் கோடு காணாமல் போயிருக்கும். காய்ந்த ஸ்லைடை லேப்பில் தண்ணீரில் போட்டால் சிவப்புக் கரைந்து போகும். பிறகு கீம்சா சாயம் ஏற்றி, லென்ஸை மெதுவாக நகர்த்திக்கொண்டே ஓரத்திலிருந்து ஓரம் வரை தேடுவோம்.

குட்டி கண்ணில் பட்டதும் முதலில் வாலைப் பார்ப்போம். நம் மலேசியாவில் அதிகம் காணப்படும் புருகியா மலாயி என்ற வகைக்கு வால் நுனியில் தனித்தனியாக இரண்டு கருப்புள்ளி இருக்கும், உடம்பைச் சுற்றியுள்ள உறை கீம்சாவில் அழகான ரோஸ் நிறம் எடுக்கும். வூச்செரேரியாவுக்கு வால் நுனியில் புள்ளியே இருக்காது, உறையும் அந்தச் சாயத்தை ஏற்காது. உடம்பு வளைவும் வேறு. வூச்செரேரியா இழைந்து வளைந்திருக்கும், புருகியா சின்னச் சின்னக் கோணலாக மடங்கியிருக்கும். எந்த வகை என்பது வெறும் பெயர் விஷயம் இல்லை. எந்தக் கொசு, எந்தப் பரிசோதனை, எப்படித் தடுப்பது என்பதெல்லாம் அதைப் பொறுத்தது.

இனி ஜாகா விஷயம். ஒரு ஜாகாவை எடுத்துக்கொள்வோம். நேபாளத்திலிருந்து வந்தவர், ஒரு வருஷமாக ராத்திரி முழுக்க எண்ணெய் ஆலை வாசலில் முழித்திருக்கிறார். காலை எட்டு மணிக்குப் படுத்தால் மூன்று மணிக்குத்தான் எழுந்திருப்பார். அவருக்கு ராத்திரி ஒன்பதரை மணிக்கு ரத்தம் எடுத்தால் நமக்குக் காலை ஒன்பதரைக்கு எடுப்பது போலத்தான். அவருடைய உடம்புக்கு அது வேலை ஆரம்பிக்கிற நேரம், குட்டிகள் நுரையீரலில் தங்கியிருக்கும். ஸ்டீஃபன் மெக்கன்சி என்ற டாக்டர் லண்டனில் 1881-இலேயே இதைச் சோதித்திருக்கிறார். ஒரு நோயாளியைப் பகலில் உறங்கவும் ராத்திரியில் விழித்திருக்கவும் வைத்தார். சில நாட்களில் குட்டிகளும் நேரத்தை மாற்றிக்கொண்டு பகலில் ரத்தத்துக்கு வந்தன.

ஆகவே இப்படிப்பட்டவருக்கு நண்பகல் வாக்கில், அவர் நன்றாக உறங்கும் நேரத்தில் போய் எழுப்பித்தான் எடுக்க வேண்டும். ஆலையில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கும் எல்லோருக்கும் இதே கதைதான். வாரா வாரம் ஷிஃப்ட் மாறுகிறவர்கள் இன்னும் சிக்கல். உறக்கம் மாறிய உடனே குட்டிகள் மாறுவதில்லை, சில நாள் பிடிக்கும். அந்த இடைப்பட்ட நாட்களில் எந்த நேரத்தில் எடுத்தாலும் எண்ணிக்கை தெளிவாக இருக்காது. அவர்கள் பகல் ஷிஃப்டில் ஓரிரு வாரம் நிலைத்த பிறகு ராத்திரியில் எடுப்பதுதான் உத்தமம். ஸ்லைடில் பெயரோடு ரத்தம் எடுத்த மணியையும், அந்த ஆள் எப்போது உறங்குகிறார் என்பதையும் எழுதிவைப்பது என் வழக்கம். அந்தக் குறிப்பு இல்லாமல் ‘இல்லை’ என்று வரும் ரிசல்ட்டை ராத்திரி வேலைக்காரர் விஷயத்தில் நான் நம்ப மாட்டேன். உங்கள் ஜாகாவுக்கு மறுபடி எடுக்கச் சொல்லி அந்த டீமிடம் தைரியமாகக் கேளுங்கள், நியாயமான கேள்விதான்.

நம் நாட்டுப் புருகியாவில் இன்னொரு நெளிவு இருக்கிறது. திறந்த சதுப்பும் வயல்வெளியும் உள்ள பக்கங்களில் இருப்பது ராத்திரியில் மட்டும் வெளிவரும் வகை. சதுப்புக் காட்டை ஒட்டிய கிராமங்களிலும் தோட்டங்களிலும் இருக்கும் வகையோ இருபத்து நான்கு மணி நேரமும் ரத்தத்தில் இருக்கும், ஆனால் மாலைக்குப் பிறகு கூடும். அந்த வகை லோத்தோங் குரங்கிலும் வீட்டுப் பூனையிலும்கூட உயிர் வாழும். காட்டு ஓரத்தில் நிழலில் வேலை செய்கிறவரைப் பகலிலேயே கடிக்கும் கொசுக்கள் அங்கே இருப்பதால் புழுவுக்குக் கறாரான நேரம் தேவைப்படவில்லை. எந்த வகை இருக்கிறதென்று முன்கூட்டியே தெரியாத இடத்தில் ராத்திரியில் எடுத்தால் இரண்டுமே அகப்படும். பகலில் எடுத்தால் ஒன்றுதான் அகப்படும், அதுவும் குறைவாக.

லயத்தில் ஒருவருக்குப் புழு இருந்தால் மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம் நிறையப் பேருக்கு உண்டு. ஒரே தட்டில் சாப்பிடுவதால், ஒரே பாயில் படுப்பதால் வராது. கொசு அவரைக் கடித்து, குட்டியை உறிஞ்சி, அது கொசுவின் மார்புத் தசைக்குள் பத்துப் பதினான்கு நாள் வளர்ந்தால்தான் அடுத்தவருக்குப் போகும் பருவத்தை அடையும். அதற்குள் பெரும்பாலான கொசுக்கள் செத்துப்போகும். மலேரியா கிருமி கொசுவுக்குள் பல்கிப் பெருகும், இந்தப் புழு அப்படிப் பெருகாது. ஒரு குட்டி உள்ளே போனால் அதிகபட்சம் ஒரு புழுதான் வெளியே வரும். அதையும் கொசு நம் ரத்தத்துக்குள் செலுத்துவதில்லை. கடிக்கும்போது புழு கொசுவின் வாயிலிருந்து தோல்மேல் இறங்கி, கடித்த துளை வழியாகத் தானே நுழைய வேண்டும். உள்ளே ஆணும் பெண்ணும் சேர்ந்தால்தான் குட்டி பிறக்கும். புருகியாவுக்கு அதற்கு மூன்று மாதத்துக்கு மேல் ஆகும், வூச்செரேரியாவுக்கு இன்னும் கூடுதல். ஒன்றிரண்டு கடியில் வருகிற நோய் இல்லை இது, ஒரே இடத்தில் வருஷக்கணக்கில் கடிபட்டு வருவது.

புருகியாவைப் பரப்புவதில் மன்சோனியா கொசுவுக்குப் பெரிய பங்கு. உங்கள் தோட்டத்து வாய்க்கால்களில் கியாம்பாங், கெலாடி புந்திங் மாதிரி நீர்ச்செடிகள் மிதக்கிறதா என்று பாருங்கள். மற்றக் கொசுக்களின் புழு தண்ணீர் மேலே வந்து மூச்சு விடும். மன்சோனியாவின் புழு அப்படி மேலே வராது, செடியின் வேரைக் குத்தி அதற்குள் இருக்கும் காற்றையே உறிஞ்சிக்கொள்ளும். அதனால் தண்ணீர்மேல் எண்ணெய் தெளிப்பது இதனிடம் பலிக்காது. செடியை வேரோடு அள்ளிக் கரையில் போட்டுக் காயவிட்டால்தான் குறையும்.

இனி, பகலிலேயே செய்யும் பரிசோதனை இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் எது எதற்கு என்பது தெரிய வேண்டும். வூச்செரேரியாவுக்கு, தாய்ப் புழு வெளிவிடும் பொருளைக் காட்டும் ஸ்ட்ரிப் உண்டு. அதற்கு நேரம் காலம் கிடையாது. ஆனால் அது புருகியாவைக் காட்டாது. இங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு அந்த ஸ்ட்ரிப்பை மட்டும் போட்டு ‘இல்லை’ என்று சொன்னால் அதில் அர்த்தமே இல்லை. புருகியாவுக்கு வேறு ஸ்ட்ரிப், நம் மலேசிய சயின்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது. அது புழுவுக்கு எதிராக உடம்பு செய்துகொள்ளும் எதிர்ப்புப் பொருளைக் காட்டும், இதற்கும் பகல் ராத்திரி பார்க்கத் தேவையில்லை. ஆனால் அதில் கோடு விழுந்தால் அந்த ஆளின் ரத்தத்தில் இப்போது குட்டிகள் சுற்றுகின்றனவா, எத்தனை என்பது தெரியாது. கொசுவுக்குப் புழுவைக் கொடுக்கக்கூடியவர் யார் என்று அறிய இன்னும் ராத்திரி ஸ்லைடுதான் வேண்டும். நேபாளத்து ஜாகாவும் உள்ளூர்க்காரரும் ஒரே லயத்தில் இருக்கும் இந்தக் காலத்தில் ஒரே ஸ்ட்ரிப்பை வைத்து எல்லோரையும் பார்ப்பது சரிவராது.

கடைசியாகத் தாத்தா. அவருடைய ரத்தத்தில் புழு இல்லை என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. குட்டிகள் நிறையச் சுற்றுகிறவர்கள் வெளிப்பார்வைக்கு நல்ல ஆரோக்கியமாக இருப்பார்கள். பால்மரம் சீவுவார்கள், பழக்குலை வெட்டுவார்கள், காலில் ஒரு வீக்கமும் இருக்காது. காலின் வீக்கமோ பல வருஷத்துக்கு முன் நிணநீர்க் குழாய்கள் சிதைந்ததன் விளைவு. அந்தத் தாய்ப் புழுக்கள் எப்போதோ செத்திருக்கும், குட்டி போட ஆளே இல்லை. புருகியா என்றால் வீக்கம் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் இருக்கும், வூச்செரேரியா என்றால் தொடை வரையிலும் ஏறும், விரைப்பையும் வீங்கலாம். எதுவானாலும் தாத்தாவைக் கண்டு யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. அவரைக் கடித்த கொசுவுக்கு எடுத்துக்கொண்டு போக ஒன்றும் இல்லை.

ஆனால் கால் வீக்கத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம். இதயம், சிறுநீரகம், சர்க்கரை எல்லாம் பார்க்க வேண்டும், அதற்குக் கிளினிக் கெசிஹாத்தானுக்கு ஒரு தடவை கூட்டிப் போங்கள். அங்கே பார்த்து இது யானைக்கால்தான் என்றால், அவருக்கு இப்போது தேவை காலைப் பராமரிப்பது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்குகளில் ஈரம் இல்லாமல் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். சேற்றுப்புண் வந்தால் உடனே களிம்பு போட வேண்டும். உட்காரும்போது காலை ஒரு நாற்காலிமேல் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். அவருக்கு அடிக்கடி குளிர் காய்ச்சல் வந்து கால் சிவந்து சூடாகிறதென்றால், அந்தப் புண்கள் வழியாகப் பாக்டீரியா உள்ளே போவதே பெரும்பாலும் காரணம். ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பிறகும் கால் இன்னும் கொஞ்சம் பருக்கும். காய்ச்சல் கண்ட அன்றைக்கே ஆன்டிபயாடிக் வாங்கக் கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள், ராத்திரி வரை காத்திருக்க வேண்டாம்.